ரைல்ஸ் டியூப் பாடம் ஒரு பக்கத் தேர்வுத் தாளான விதம்

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்துவது பற்றிய எங்கள் வகுப்பு ஒன்றேகால் மணி நேரம் ஓடும். வார்டில் எல்லோரும் ரைல்ஸ் டியூப் போடுவது என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அந்த வகுப்பை 8 நிமிடச் செய்முறைத் தேர்வுக்கான 24 வரித் தாளாகச் சுருக்கும் வேலை இந்தக் குளிர்காலத்தில் ஒருவழியாக முடிந்தது. ஒரே மாணவியை இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பிட்டாலும் இப்போது மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. உதகையில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையில் குறித்து வைக்கிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து ஆஸ்கி முறைத் தேர்வு கட்டாயப் பேச்சாகிவிட்டது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹார்டனும் அவருடைய குழுவினரும் எழுதிக் காட்டிய முறை அது: நிலையம் நிலையமாக நகர்ந்து தேர்வெழுதும் எல்லா மாணவர்களுக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே தாள். முறை எளிது. அந்த ஒரே தாளை யார் எழுதுவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் பாடக் குறிப்பை அப்படியே வரிகளாக உடைத்தேன். 61 வரிகள் வந்தன. அந்தத் தாளோடு ஒரு மாணவியைப் பயிற்சிப் பொம்மை முன் நிறுத்திப் பார்த்தபோது, தேர்வாளர் இருக்கையில் இருந்த என் கண்கள் பெரும்பாலும் தாளில்தான் இருந்தன. 17-ஆம் வரியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் 23-ஆம் வரியை முடித்திருந்தாள். குழாய் தொண்டையைத் தாண்டும் நொடியை, அதாவது பார்க்க வேண்டிய ஒரே நொடியை, நான் பார்க்கவே இல்லை.

ஆகவே வரிகளைச் சலிக்க ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: இதைக் கண்ணால் பார்க்க முடியுமா, காதால் கேட்க முடியுமா? பார்க்க முடிந்தவற்றுக்கு நீலப் பென்சில், கேட்க முடிந்தவற்றுக்குப் பச்சை, இரண்டும் இல்லாதவற்றுக்குச் சிவப்பு. ‘குழாய் போடுவதன் நோக்கத்தை அறிந்திருக்கிறார்’, ‘உணவுக்குழாயின் அமைப்பைப் புரிந்துகொள்கிறார்’ போன்றவை எல்லாம் சிவப்பு. அவை எழுத்துத் தேர்வுக்குப் போயின. யாருக்கு இந்தக் குழாயை மூக்கு வழியாகப் போடக் கூடாது என்ற பகுதியும் சிவப்பில்தான் விழுந்தது. ஆனால் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மண்டையோட்டின் அடிப்பகுதியில் எலும்பு முறிவு இருப்பவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தினால் அது மூளைப் பக்கம் போய்விடலாம். அதனால் மாணவிக்குத் தரும் நோயாளி விவர அட்டையில் சாலை விபத்து, மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் என்று எழுதிய ஒரு தனி நிலையத்தை அமைத்தோம். அங்கே குழாயைத் தொடாமல் டாக்டரை அழைப்பவளுக்குத்தான் மதிப்பெண்.

டிரேயில் பொருள்களை எடுத்து வைப்பதும் வேறு நிலையத்துக்குப் போனது. 8 நிமிடத்தில் அதற்கே 3 நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

பாடத்தை இப்படி வரி வரியாகப் பிரித்ததில் கிடைத்த லாபம், பாடத்துக்குள்ளேயே பதுங்கியிருந்த பழைய சரக்கு வெளியே வந்ததுதான். ஒரு வரி: ‘குழாயை ஐஸில் வைத்து விறைப்பாக்கவும்.’ ரப்பர் குழாய்க் காலத்து வழக்கம் அது. இப்போது வருவது பி.வி.சி. குழாய், குளிர்ந்தால் தானாகவே விறைக்கும். உதகையில் ஜனவரி காலை எட்டு மணிக்கு உறையைப் பிரித்தால் சுருள் சுருளாகவே நிற்கும், கம்பியைப் போலத் திருகும். இங்கே தேவைப்படுவது நேர்மாறானது: நுனியைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் வைப்பது, அல்லது உள்ளங்கையில் சுற்றிப் பிடித்து இளக்குவது. வகுப்பில் ஆண்டுக்கணக்கில் அந்த ஐஸ் வரியை யாரும் கேள்வி கேட்டதில்லை. செய்துகாட்டு என்று தாளில் எழுதப் போகும்போதுதான் கை நின்றது.

இன்னொரு வரி அதைவிடப் பெரியது. ‘சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்து, சத்தம் கேட்டு இடத்தை உறுதிசெய்யவும்.’ குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் மேல்வயிற்றில் கேட்கக்கூடும். சத்தத்தை நம்பி உணவு ஊற்றியதால் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு, பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2005-லேயே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. நீல லிட்மஸ் தாளும் போதாது என்றது. குழாயிலிருந்து உறிஞ்சிய நீரின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்ரே.

எங்கள் தேர்வுக் குழுவில் இருந்த மூத்த வார்டு சிஸ்டர் இதை லேசில் விடவில்லை. “மேடம், வார்டில் எல்லோரும் காற்று அடித்துத்தான் பார்க்கிறோம். பிள்ளைகள் இங்கே ஒன்று படித்துவிட்டு அங்கே வந்து வேறொன்றைப் பார்த்தால் குழம்ப மாட்டார்களா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இரவுப் பணியில் பி.எச். தாள் இல்லாத வார்டு உண்டு. அதற்குத் தேர்வுத் தாளில் கண்ட வழி இது: சத்தச் சோதனையைச் செய்தால் மதிப்பெண் குறையாது, அதை மட்டும் வைத்து உணவைத் தொடங்கினால் தோல்வி. பி.எச். தாள் கிடைக்கவில்லை என்றால் உணவை நிறுத்தி வைத்து எக்ஸ்ரே கேட்க வேண்டும். சிஸ்டர் ஒப்புக்கொண்டார், அரை மனதாகத்தான்.

உறுதிசெய்யும் கட்டத்தைத் தேர்வில் உண்மையாகவே செய்துபார்க்க வைக்க வேண்டும் என்றால், பொம்மையின் வயிற்றிலிருந்து ஏதாவது வர வேண்டும். சமையலறைக்குத்தான் போனேன். வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்தால் பி.எச். 3 பக்கத்தில் நிற்கிறது; இது இரைப்பை. சமையல் சோடா கரைத்த தண்ணீர் 8-ஐ ஒட்டி வருகிறது. இது தவறான இடம். இரண்டும் தெளிந்த நீராக இருந்ததால் உண்மை போலத் தெரியட்டும் என்று ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் கலந்தேன். சோடா கிண்ணம் உடனே ஆரத்தித் தட்டாகிவிட்டது! சுண்ணாம்பில் மஞ்சள் சிவக்கும் அதே விஷயம்தான். சோதனைத் தாளைத் தொடாமலேயே மாணவிக்கு விடை தெரிந்துவிடும். பிறகு தேயிலை டிகாக்‌ஷன். நீலகிரியில் இதற்குப் பஞ்சமில்லை என்று ஊற்றினால், அதன் நிறம் சோதனைத் தாளிலேயே ஏறி, 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் நிறம் எதுவும் சேர்க்காமல் இரண்டையும் தெளிவாகவே விட்டோம்.

சோதனைத் தாளிலும் ஒரு பாடம் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கும் 1 முதல் 14 வரையிலான தாள் முழு எண்ணாகத்தான் காட்டும். 5.5 என்ற எல்லையை அதில் பார்க்க முடியாது. அரை எண் இடைவெளியில் நிறம் மாறும் பட்டையே வேண்டும். குழாய் ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. கழுவி உலர்த்திப் பொம்மைக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடிகிறது. பட்டை மாணவிக்கு ஒன்று வீதம் தீர்ந்துபோகும். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான். பாதியாக நறுக்கினால் செலவு பாதி என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். நறுக்கிய துண்டை ஈரக் கையுறையோடு பிடித்தால் நிறப்பகுதியே நனைந்துவிடுகிறது.

பொம்மையின் மூக்கில் ஜெல்லி தடவினால் உள்ளே பிசுக்கு பிடித்து அடுத்தடுத்த மாணவிகளுக்குக் குழாய் இறங்காது. அதனால் சோப்புத் தண்ணீர்தான். ஆனால் நோயாளிக்குத் தண்ணீரில் கரையும் ஜெல்லிதான் போட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ளது நுரையீரலுக்குள் போனால் கெடுதல். ஆகவே அந்த வரி ‘எந்த வகை ஜெல்லி என்று வாயால் சொல்கிறார்’ என்றானது. நீலமாக இருந்தது பச்சையானது. இப்படிப் பொம்மைக்காக மாற வேண்டிய வரிகள் எல்லாத் தாளிலும் சில இருக்கும்.

இதன் பிறகு 30 சொச்சம் வரிகளோடு இரண்டு தேர்வாளர்கள் சோதனை. நானும் சிஸ்டரும் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், இரண்டாம் ஆண்டு மாணவிகள் சிலரை மதிப்பிட்டோம். மொத்த மதிப்பெண்ணை ஒப்பிடவில்லை. அது ஏமாற்றும்: எனக்கு ஒரு வரியில் குறைந்தது அவருக்கு இன்னொரு வரியில் குறைந்து, கூட்டினால் சமமாகிவிடும். வரிக்கு வரி பார்த்தோம். சண்டை மூன்று இடங்களில்தான் இருந்தது.

‘மென்மையாகச் செலுத்துகிறார்’ என்ற வரியில் நான் சரி போட்ட இடமெல்லாம் அவர் தப்பு போட்டிருந்தார். மென்மைக்கு ஆளுக்கொரு அளவு. அதைத் தூக்கிவிட்டு, ‘தடை பட்டால் அழுத்தாமல் சற்றுப் பின்வாங்கித் திருப்புகிறார், அல்லது மறு நாசிக்கு மாறுகிறார்’ என்று எழுதினோம். விறைத்த குழாய் தடையைத் தானே உண்டாக்கிக் கொடுத்தது; இதில் மட்டும் குளிர் எங்களுக்கு உதவி.

இரண்டாவது, அளவு. மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரை அளந்து, குழாயில் பிளாஸ்டர் துண்டு ஒட்ட வேண்டும். எங்கள் குழாயில் 50, 60, 70 சென்டிமீட்டரில்தான் கோடுகள்; பொம்மைக்கு வருவது 54. இடையில் எங்கே ஒட்டினாள் என்பது ஒரு பக்கம் இருந்தவருக்குத் தெரிந்தது, மறுபக்கம் இருந்தவருக்கு மறைந்தது. இப்போது ஒட்டியதும் குழாயை உயர்த்திக் காட்டி அளவைச் சொல்ல வேண்டும். 52 முதல் 56 வரை சரி. அந்த எல்லையைத் தாளிலேயே அச்சிட்டுவிட்டோம்.

மூன்றாவதுதான் நுட்பமானது. சிரிஞ்சால் இழுத்து நீர் வராவிட்டால் என்ன செய்வது என்ற பகுதி. நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கலாம். 10 முதல் 20 மில்லி காற்றைச் செலுத்தி, இரைப்பைச் சுவரில் ஒட்டிய நுனியை விடுவிக்கலாம். சிறிது காத்திருந்து மறுபடி இழுக்கலாம். ஒரு மாணவி இதைச் சரியாகச் செய்தாள். நான் மதிப்பெண் போட்டேன். சிஸ்டரோ, “காற்று அடிக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று தப்பு போட்டிருந்தார். கை செய்யும் வேலை ஒன்றேதான். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதற்காகவா, நுனியை விடுவிப்பதற்காகவா என்பதில்தான் வேறுபாடு. அடுத்து அவள் என்ன செய்கிறாள் என்பதை வரியில் சேர்த்ததும் தகராறு தீர்ந்தது: ‘காற்றைச் செலுத்திய பின் மீண்டும் உறிஞ்சிப் பார்க்கிறார்.’

பொம்மை இருமாது. அதனால் இருமல் தேர்வாளர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நான் குழாய் பாதியில் இருக்கும்போது சொன்னேன், சிஸ்டர் நுழைந்தவுடனே சொன்னார். நேரம் மாறினால் தேர்வே மாறிவிடுகிறது. ஆகவே நுனியிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி வைத்து, அது நாசித் துவாரத்தைத் தொடும்போது, “நோயாளி தொடர்ந்து இருமுகிறார், பேச முடியவில்லை” என்ற அதே சொற்களைப் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்தோம். மார்க்கர் மை சோப்புத் தண்ணீரில் போய்விட்டது. நகப்பூச்சு நிற்கிறது. பயிற்சிக் குழாய்களிலும் அதே புள்ளியை வைத்துவிட்டதால் யாருக்கும் அது துப்பாகத் தெரியவில்லை.

சண்டைகள் ஓய்ந்து, ஒன்று தவறினால் மற்றதும் தவறியே தீரும் என்கிற வரிகளை இணைத்து, 24 வந்தது. அப்போதுதான் மதிப்பெண் முறையே பொருந்தவில்லை என்று தெரிந்தது. ஒரு மாணவி எல்லாவற்றையும் அழகாகச் செய்தாள். விளக்கம் சொன்னாள், வேண்டாம் என்றால் கையை உயர்த்துங்கள் என்று சைகை பேசிக்கொண்டாள், கையைத் தேய்த்தாள், அளந்தாள், தொண்டை தாண்டியதும் தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்கச் சொன்னாள். அவளுக்குக் கிடைத்தது சோடா கிண்ணம். பட்டை 8 காட்டியது. பார்த்தாள், “சரியான இடத்தில் இருக்கிறது” என்றாள், பாலை எடுத்தாள். தாளின்படி 24-க்கு 23. வார்டில் அந்த ஒரு மதிப்பெண் நுரையீரலுக்குள் பால்.

அதற்குப் பின் இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டோம். அவற்றில் எது தவறினாலும் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் மறுதேர்வு. எத்தனை வரிகளுக்குக் கட்டம் என்பதில் சக ஆசிரியர்கள் தாராளமாக இருந்தார்கள். ஒன்பது வேண்டும் என்று ஒரு பட்டியலே வந்தது. இது தவறினால் இதே பணி நேரத்தில் நோயாளிக்கு உயிராபத்து வருமா, பின்னால் வரும் வேறொரு படி அதைப் பிடித்துவிடுமா என்று ஒவ்வொன்றையும் கேட்டோம். அளவு தவறினால் பி.எச். சோதனையோ எக்ஸ்ரேயோ பிடித்துவிடும். இருமலை மதிக்காமல் தள்ளுவதையும், உறுதிசெய்யாமல் உணவு கொடுப்பதையும் பிடிக்க அடுத்த படி எதுவும் இல்லை. தாளின் அந்தப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

■ இருமல், பேச முடியாமை என்று சொன்னதும் குழாயை உடனே பின்வாங்குகிறார்
□ சிரிஞ்சால் உறிஞ்சுகிறார். வராவிட்டால் இடப்பக்கம் சாய்த்தோ காற்றைச் செலுத்தியோ மீண்டும் உறிஞ்சுகிறார்
□ பட்டையை நனைத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டு, எண்ணை உரக்கச் சொல்கிறார்
□ அமிலம் குறைக்கும் மருந்து தரப்படுகிறதா என்று விவர அட்டையில் பார்க்கிறார்
■ பி.எச். 5.5-க்கு மேல் என்றால் உணவை நிறுத்தி எக்ஸ்ரே கேட்கிறார்
□ நாசி, வெளியே உள்ள நீளம், பி.எச்., நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்கிறார்

நான்காவது வரி எங்கள் வார்டுகளைப் பார்த்து எழுதியது. படுத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு பான்டோப்ரசோல் போகிறது. அந்த மருந்தால் இரைப்பை நீரே 6-க்கு மேல் காட்டலாம். அதாவது குழாய் சரியான இடத்தில் இருந்தும் பட்டை ‘இல்லை’ என்று சொல்லும். அப்போது இன்னொரு குழாய் போடத் தேவையில்லை. எக்ஸ்ரே பார்க்கும்வரை இருக்கும் குழாயில் எதையும் ஊற்றாமல் இருந்தால் போதும்.

கடைசிச் சோதனைக்கு அந்த மூத்த சிஸ்டரையே பொம்மை முன் நிறுத்தினோம். குழாய் வழுக்கிக்கொண்டு போனது, கை எங்கும் தயங்கவில்லை, நான் பார்த்ததிலேயே சிறந்த செய்முறை. தாளின்படி 24-க்கு 18. சொல்ல வேண்டியவற்றை அவர் சொல்லவில்லை. இரண்டு படிகளை ஒரே அசைவில் முடித்தார். முதலாம் ஆண்டு மாணவி மனப்பாடமாக ஒப்பித்து 21 வாங்கியிருந்தாள். “பிள்ளைகளிடம் நான் படிக்க வேண்டும் போலிருக்கிறது” என்று சிஸ்டர் சிரித்தார். வரிக்கு வரி டிக் போடும் எந்தத் தாளிலும் இந்தக் குறை உண்டு. அதனால் அடியில் ஒரே ஒரு பொது மதிப்பீடு சேர்த்தோம்: இவரை மேற்பார்வையோடு வார்டில் இதைச் செய்ய விடுவீர்களா? விடமாட்டேன், இன்னும் பயிற்சி வேண்டும், விடுவேன், தயங்காமல் விடுவேன். தேர்வாளர் டிக்குகளைக் கூட்டுவதற்கு முன்பே இதை வட்டமிட வேண்டும். கூட்டிய பிறகு கேட்டால் எண்ணைப் பார்த்துத்தான் வட்டம் விழுகிறது. டிக் எண்ணிக்கையும் வட்டமும் வெகுவாக முரண்படும் மாணவிகளை மட்டும் இருவரும் பேசி முடிவெடுக்கிறோம்.

அடுத்த முறை மாற்றப்போவது சில. பாடத்தை எழுதி முடித்துத் தாளாக்குவதற்குப் பதிலாக, தாளை முதலில் மாணவிகள் கையில் கொடுத்துவிட்டு அதை வைத்தே வகுப்பெடுக்கப் பார்க்கிறேன். கறுப்புக் கட்டங்களையும் மறைக்கப் போவதில்லை. வினிகர், சோடா கிண்ணங்களோடு 6.5 காட்டும் மூன்றாவது கிண்ணமும் வேண்டும், பான்டோப்ரசோல் அட்டைக்காக. சோடாவில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த எண்ணைப் பிடித்தாலும், குமிழி அடங்க அடங்க மேலே ஏறிவிடுகிறது. ஆய்வகத்தில் பாஸ்பேட் கரைசல் கேட்டிருக்கிறேன். தேர்வையும் ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எட்டு மணிக்கு முதலில் வருபவளுக்கு விறைத்த குழாய், பதினோரு மணிக்கு வருபவளுக்கு இளகிய குழாய் என்றால் அது ஒரே தேர்வு ஆகாது. அதுவரை மேசையடியில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கும்.